பட்டுச் சேலையின் நெசவை இனங்காணல்

பட்டுச் சேலையின் நெசவை இனங்காணல் என்பது ஒரு சேலையின் ஒளிப்படங்களைக் கொண்டு அது எம்முறையில் நெய்யப்பட்டது, எந்த ஊரில் நெய்யப்பட்டிருக்கக்கூடும், அதன் நியாயமான விலை எவ்வளவு என்பவற்றை மதிப்பிடுவதாகும். காவிரிப் படுகையில் இத்தேவை பெரும்பாலும் பழைய திருமணச் சேலைகளை விற்கும்போது எழுகின்றது. பேராவூரணி போன்ற ஊர்களில் பட்டு நெசவு பெரிய அளவில் இல்லை. அங்குள்ள வீடுகளில் இருக்கும் சேலைகள் கும்பகோணத்தை அடுத்த திருபுவனத்திலிருந்தோ காஞ்சிபுரத்திலிருந்தோ ஆரணியிலிருந்தோ வந்தவையாக இருக்கலாம். வாங்கிய இடம் மறந்துபோன நிலையில் சேலை மட்டுமே சான்றாக எஞ்சுகின்றது.

எடுத்துக்காட்டாக, பேராவூரணியில் ஒரு வீட்டில் 1990களில் வாங்கிய, பச்சை உடலும் அரக்குக் கரையும் கொண்ட சேலை ஒன்று இருப்பதாகக் கொள்வோம். ரசீது இல்லை. தெருவில் பழைய பட்டு வாங்க வருபவர் அதற்கு 2000 ரூபாய் தருவதாகக் கூறுகிறார். அவ்விலை சரியா என்பதே கேள்வி.

எடுக்க வேண்டிய படங்கள்

சேலையை விரித்து முழுமையாக எடுத்த படம் அழகாக இருக்குமே தவிர, நெசவைப் பற்றி அதிகம் சொல்லாது. தேவையானவை மூன்று அண்மைப் படங்கள்: கரையும் உடலும் சேரும் இடத்தின் முன்புறம், அதே இடத்தின் பின்புறம், முந்தானையும் உடலும் சேரும் இடம். சன்னலருகே பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்தல் நன்று. மின்வெட்டொளியில் எல்லா ஜரிகையும் ஒன்றுபோல் மின்னுவதால் வேறுபாடு தெரியாது.

கோர்வையும் பெட்னியும்

சேலையின் நீளவாக்கில் செல்லும் இழைகள் பாவு. குறுக்கே செல்பவை ஊடை. சாதாரண நெசவில் ஒரே ஊடை ஒரு கரையிலிருந்து மறு கரைவரை செல்லும். ஆகவே பச்சை ஊடை அரக்குக் கரைக்குள்ளும் புகுந்து, கரையின் நிறத்தைச் சற்றே கலங்கச் செய்யும். கோர்வை நெசவில் உடலுக்கு ஒன்று, இரு கரைகளுக்கும் ஒவ்வொன்று என மூன்று நாடாக்கள் ஓடுகின்றன. சேரும் இடத்தில் இரு நிற ஊடைகளும் ஒன்றையொன்று கோத்துத் திரும்புகின்றன. இதனால் கரை தூய அரக்காகவும் உடல் தூய பச்சையாகவும் இருக்கும். இதற்கு நெசவாளருடன் ஒரு துணையாளும் தறியில் இருக்க வேண்டும் என்பதால் கூலி கூடும்.

படத்தில் இதனை அறியும் வழி எளிது. கரையின் பின்புறத்தில் உடலின் நிற இழை தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தெரியாவிடில் கோர்வையாக இருக்க வாய்ப்பு மிகுதி. கரை முழுவதும் ஜரிகை நெருக்கமாக இருந்தால் முன்புறப் படம் ஏமாற்றிவிடும். ஊடை ஜரிகைக்கு அடியில் மறைந்திருக்கும். பின்புறப் படத்தைக் கேட்பதன் காரணம் இதுவே.

முந்தானை உடலினின்று வேறு நிறமாக இருந்தால் அங்கு பாவு மாற்றப்பட்டிருக்கலாம். உடலின் பாவு இழைகளுடன் முந்தானையின் பாவு இழைகளைக் கையால் இணைத்து நெய்வது பெட்னி எனப்படும். இரு பாவுகளும் ஒன்றன்மேல் ஒன்றாக வரும் சிறு பகுதி தடித்து, கையால் தடவினால் மேடாகத் தட்டுப்படும். படத்தில் அது குறுக்குக் கோடாகத் தோன்றும். ஊடையின் நிறத்தை மட்டும் மாற்றிய முந்தானையில் இம்மேடு இராது. உடலின் பாவு நிறம் முந்தானையிலும் தொடர்ந்து கலந்து தெரியும்.

நெய்தவர் யார்?

கோர்வையும் பெட்னியும் இருந்தாலே அது காஞ்சிபுரம் என்று கூறுவது பரவலான தவறு. கோர்வை பல ஊர்த் தறிகளில் நெய்யப்படுகின்றது. திருபுவனத்திலும் காஞ்சிபுரத்திலும் சௌராட்டிர நெசவாளர் வாழ்கின்றனர். நுட்பங்களும் வடிவங்களும் ஊர்விட்டு ஊர் சென்றுள்ளன. திருபுவனச் சேலைகள் விசிறி மடிப்பு எனப்படும் மடிப்பில் விற்கப்படுவது புகழ்பெற்றது. ஆனால் ஒருமுறை உடுத்திய சேலையில் அம்மடிப்பு நிலைப்பதில்லை. ஆகவே படத்திலிருந்து நெசவு முறையை ஓரளவு உறுதியாகவும், ஊரை ஊகமாகவும் மட்டுமே கூறலாம்.

ஊரை உறுதிசெய்பவை ரசீது, கூட்டுறவுச் சங்கத்தின் சீட்டு, புவிசார் குறியீட்டு முத்திரை ஆகியவை. இம்முத்திரைகள் ஒவ்வொன்றும் வெவ்வேறு செய்தியைச் சொல்வதைக் கடைக்காரர் பலர் விளக்குவதில்லை. பட்டு முத்திரை (2004 முதல்) இழை தூய பட்டு என்பதை மட்டும் கூறுகிறது. ஜரிகையைப் பற்றியோ தறியைப் பற்றியோ எதுவும் கூறாது. கைத்தறி முத்திரை (2006 முதல்) கைத்தறியில் நெய்தது என்பதைக் கூறுகிறது. திருபுவனம் பட்டுச் சேலைக்குப் புவிசார் குறியீடு 2019இல்தான் கிடைத்தது. எனவே நமது 1990களின் சேலையில் இவற்றுள் ஒன்றும் இல்லாதது குறையன்று.

ஜரிகையும் விலையும்

பட்டுச் சேலையின் விலையைப் பெரிதும் தீர்மானிப்பது ஜரிகை. அசல் ஜரிகை என்பது பட்டு இழையின்மேல் மெல்லிய வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்க முலாம் இட்டதாகும். தமிழ்நாட்டில் கூட்டுறவுச் சங்கங்களுக்கு நெடுங்காலம் வழங்கப்பட்ட ஜரிகையின் அளவு: வெள்ளி 40%, தங்கம் 0.5%, செம்பு 35.5%, பட்டு 24%. பழைய சேலைகளில் வெள்ளி இதைவிட மிகுந்திருப்பதும் உண்டு. மலிவான ஜரிகையில் செம்புக் கம்பியின்மேல் வெள்ளிப் பூச்சு மட்டுமே இருக்கும். இன்னும் மலிவானதில் உலோகக் கம்பியின்றி மின்னும் நெகிழித் தாள் மட்டும் இருக்கும்.

200 கிராம் அசல் ஜரிகையும் 500 கிராம் பட்டும் கொண்ட ஒரு புதுச் சேலையைக் கணக்கிடுவோம். வெள்ளி கிராம் 100 ரூபாய், தங்கம் கிராம் 10,000 ரூபாய், சாயமிட்ட பட்டு கிலோ 6000 ரூபாய் என்பவை கணக்குக்காகக் கொண்ட விலைகள். படிப்பவர் அன்றைய விலையை இட்டுக்கொள்ளலாம். வெள்ளி 80 கிராம், 8000 ரூபாய். தங்கம் 1 கிராம், 10,000 ரூபாய். பட்டு 3000 ரூபாய். செம்பையும் கூலியையும் சேர்க்குமுன்பே 21,000 ரூபாய் ஆகிவிடுகிறது. நெசவாளருக்கும் துணையாளுக்கும் சேர்த்து நாளொன்றுக்கு 1000 ரூபாய் வீதம் 12 நாட்கள் எனில் மேலும் 12,000 ரூபாய். அதன்மேல் கடைச் செலவும், 5% சரக்கு மற்றும் சேவை வரியும் வரும். ஆகவே இத்தகைய சேலை 12,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது என்றால் ஜரிகை அசலன்று, அல்லது கூறிய எடையில் இல்லை. ஜரிகை 60 கிராமாகக் குறைந்தால் உலோகச் செலவு 5400 ரூபாயாக இறங்கிவிடும். அதனால் மலிவான சேலை எல்லாம் போலி என்றும் கூறிவிட முடியாது. எடையைக் கேட்பதே முறை.

இனி பேராவூரணிச் சேலைக்கு வருவோம். அதன் கரையின் பின்புறத்தில் பச்சை இழை இல்லை. முந்தானையில் மேடு உள்ளது. ஆகவே கோர்வையும் பெட்னியும் கொண்டது எனலாம். எஞ்சிய ஐயம் ஜரிகை பற்றியது. படத்தால் இதனைத் தீர்க்க இயலாது. தேய்ந்த இடத்தில் சிவப்பு நிறப் பட்டு உள்ளிழை தெரிந்தால் நல்ல அறிகுறி. ஆனால் செம்பும் சிவப்பாகத் தோன்றும். உட்புற ஓரத்திலிருந்து ஓர் இழையை எடுத்து, உலோகச் சுருளைப் பிரித்து, உள்ளிழையை மட்டும் எரித்துப் பார்க்கலாம். பட்டு மயிர் கருகும் மணத்துடன் எளிதில் நொறுங்கும் சாம்பலாகும். பருத்தி காகிதம்போல் எரியும். செயற்கை இழை உருகி உருண்டையாகும். உள்ளிழை பட்டு எனில் அசல் ஜரிகையாக இருக்க வாய்ப்பு மிகும். எக்சு-கதிர் ஒளிர்வுக் கருவி சேலையைச் சேதப்படுத்தாமல் வெள்ளியின் பங்கையே அளந்து தரும்.

சோதனையில் அசல் எனத் தெரிந்து, ஜரிகை 200 கிராம் அளவில் இருந்தால், மேற்கண்ட விலையில் வெள்ளி மட்டுமே 8000 ரூபாய் பெறும். உருக்குவோர் தம் சேதாரத்தையும் கூலியையும் கழிப்பர். அவ்வாறு கழித்தாலும் 2000 ரூபாய் மிகக் குறைவு. பட்டு இற்றுப்போகாமல் உடுத்தும் நிலையில் இருந்தால் சேலையாகவே விற்பது உருக்குவதினும் கூடுதல் விலை தரலாம். செம்பு ஜரிகை எனத் தெரிந்தால் அதே 2000 ரூபாய் தாராளமான விலை.