லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளும்போது

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் லிஃப்ட் பராமரிப்புக்கு ஆண்டு ஒப்பந்தம் போடுவதும், ஓராண்டுப் பணத்தை முன்பே கட்டிவிடுவதும் பரவலான வழக்கம். ஆண்டின் நடுவில் நிறுவனத்தை மாற்ற விரும்பும் குடியிருப்போர் சங்கம் முதலில் புரட்ட வேண்டியது ஒப்பந்தத்தின் முடிவுறுத்தல் பிரிவை. காரணம் சொல்லாமலே விலகலாமா, முன்னறிவிப்பு எத்தனை நாள், மீதிப் பணம் திரும்புமா என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். குறிப்பிட்ட தேதிக்குள் மறுப்புச் சொல்லாவிட்டால் ஒப்பந்தம் தானாகப் புதுப்பிக்கப்படும் என்ற வரியும் சிலவற்றில் உண்டு. கவனிக்காமல் விட்டால் இன்னோர் ஆண்டுக்குக் கட்டுப்பட நேரும்.

பெரும்பாலான தகராறுகள் நாள் கணக்கில்தான் தொடங்குகின்றன. கடிதத்தில் போட்ட தேதியிலிருந்தா, அது கையில் கிடைத்த நாளிலிருந்தா என்பதை ஒப்பந்தம் சொல்லும். கிடைத்த நாள்தான் கணக்கு என்றால், அந்த நாளை விட்டு மறுநாளிலிருந்து எண்ணுவது பொதுவான முறை. ஆகஸ்ட் 28 தேதியிட்ட கடிதம் செப்டம்பர் 1 அன்று சேர்ந்தால், 30 நாள் முன்னறிவிப்பு அக்டோபர் 1 அன்று முடியும். ஆகவே கடிதத்தை ஒப்பந்தத்தில் உள்ள முகவரிக்கு, சேர்ந்ததற்கான சான்று கிடைக்கும் வகையில் அஞ்சலில் அனுப்புவது நல்லது.

கடிதம் சுருக்கமாக இருந்தால் போதும். ஒப்பந்த எண், எந்தப் பிரிவின்கீழ் விலகல், கடைசி நாள், திரும்ப வேண்டிய தொகை, அதைச் செலுத்த வேண்டிய கெடு ஆகியவை இருந்தாக வேண்டும். பழைய மனக்குறைகளை அடுக்கினால், காரணமின்றி விலகும் உரிமையைப் பயன்படுத்தும் எளிய கடிதம் வீண் வாக்குவாதமாகிவிடும்.

ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரையிலான ஒப்பந்தத்துக்கு ரூ.73,000, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி கட்டியிருப்பதாகவும், மீதி நாட்களுக்குப் பணம் திரும்பும் என ஒப்பந்தம் சொல்வதாகவும் கொள்வோம். நாளுக்கு ரூ.200 ஆகிறது. அக்டோபர் 1 வரை 184 நாள் சேவை முடிந்தால் மீதி 181 நாள், அதற்கு ரூ.36,200. இதோடு ஜிஎஸ்டி ரூ.6,516 சேர வேண்டும். இந்த வரிப் பகுதியைத்தான் பல சங்கங்கள் கேட்க மறக்கின்றன. நிறுவனம் கிரெடிட் நோட் கொடுத்து வரியையும் சேர்த்துத் திருப்பலாம். ஆக மொத்தம் ரூ.42,716. ஏற்கெனவே மாற்றிய கதவு சென்சாருக்கு வரியுடன் ரூ.4,130 பாக்கி இருந்தால், அதைக் கழித்து ரூ.38,586 வர வேண்டும்.

இடையில் விலகினால் இவ்வளவு பிடித்தம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும் முழுத் தொகையும் தானாகப் போய்விடாது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு, ஒப்பந்த மீறலுக்கென எழுதிய தொகையை உச்சவரம்பாகவே பார்க்கிறது. அதற்குள் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். ஆனால் ஒப்பந்தமே அனுமதித்த விலகல் மீறல் ஆகாது என்பதால், அங்கே பிடித்தம் அந்தப் பிரிவின் வாசகத்தைப் பொறுத்தது.

முன்னறிவிப்புக் காலத்திலும் பராமரிப்பு தொடர வேண்டும். அதற்குள் சர்வீஸ் பதிவேடு, லிஃப்ட் சாவிகள், கன்ட்ரோலரின் கடவுச்சொல் ஆகியவற்றைக் கேட்டு வாங்கிவிட வேண்டும். கடவுச்சொல் இல்லாவிட்டால் புதிய மெக்கானிக்கால் சில கன்ட்ரோலர்களின் அமைப்புகளைத் திறக்க முடியாது. பணம் வந்த பிறகு, இரு தரப்புக்கும் பாக்கி இல்லை என்ற கடிதத்தில் கையெழுத்திடலாம். அதற்கு முன் கூடாது.