‘நாளை வரமாட்டேன் சார்’

எங்கள் தெருப் பெண் ஒருத்தி, உதவிபெறும் பள்ளி ஒன்றில் ஆசிரியையாகச் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. ஒருநாள் ராத்திரி கைபேசியை நீட்டி, “மாமா, இதுல என்ன தப்பு இருக்கு, பாருங்க” என்றாள். தலைமையாசிரியருக்கு அவள் வாட்ஸாப்பில் அனுப்பிய செய்தி அது.

“வணக்கம் சார். நாளை நான் பள்ளிக்கு வரமாட்டேன். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. ஒருநாள் சி.எல். எடுத்துக்கொள்கிறேன். ஏழாம் வகுப்புக்கு வேறு யாரையாவது அனுப்பவும்.”

அதற்கு வந்த பதில் ஒரே சொல்: “சரி.” அந்தச் ‘சரி’தான் அவளைப் படுத்தியது. வணக்கம் போட்டிருக்கிறாள், சார் போட்டிருக்கிறாள், துடுக்கான சொல் ஒன்றுகூட இல்லை. உண்மைதான். ஆனால் தமிழில் மரியாதை பெரும்பாலும் வாக்கியம் முடிகிற இடத்தில்தான் உட்கார்ந்திருக்கும். அவள் வாக்கியங்கள் முடிந்த இடங்களைப் பார்த்தால் வரமாட்டேன், எடுத்துக்கொள்கிறேன், அனுப்பவும் என்று இருந்தன. மூன்றுமே சறுக்கியிருந்தன.

‘மாட்டேன்’ என்பதில் சொல்பவரின் மனசு இருக்கிறது. ‘அவர் நாளைக்கு வரமாட்டார்’ என்று மூன்றாம் ஆளைப் பற்றிச் சொன்னால் அது வெறும் தகவல். அதையே தன்மையில், மேலதிகாரியிடம் சொல்லும்போது, ‘சாப்பிட மாட்டேன்’ என்று தட்டைத் தள்ளும் குழந்தையின் குரல் லேசாகக் கலந்துவிடுகிறது. சரி, ‘வர முடியாது’ என்று மாற்றலாமா? அது இன்னும் மோசம். பொருள் என்னவோ இயலாமைதான். ஆனால் வீட்டிலும் தெருவிலும் ‘முடியாது’ என்பது கதவைச் சாத்துகிற சொல்லாகப் புழங்குகிறது. ‘முடியவில்லை’ அப்படி இல்லை. அது நிலைமையை மட்டும் சொல்லும்.

இங்கே இலக்கணம் ஒரு உபகாரம் செய்கிறது. ‘நான் வரமாட்டேன்’ என்றால் ‘நான்’ எழுவாய். வினையின் முடிவில் ‘ஏன்’ விகுதியாக அந்த நான் மறுபடியும் வந்து நிற்கிறேன். ‘என்னால் வர இயலவில்லை’ என்னும்போது நான் ‘என்னால்’ ஆகி ஒதுங்கிவிடுகிறேன். ‘இயலவில்லை’யில் ஆளைக் காட்டும் விகுதியே கிடையாது. மறுக்கிற ஆள் வாக்கியத்தை விட்டே போய்விடுகிறார்.

பேச்சில் இதற்கு மேலும் ஒரு வசதி உண்டு. கோயம்புத்தூர்ப் பக்கம் ‘வர முடியலீங்க’ என்பார்கள். முடியாமல் போனது எனக்கு. ‘ங்க’ என்ற மரியாதை கேட்பவருக்கு. எழுத்துத் தமிழில் அப்படி ஒட்டிக்கொள்ள ஒரு உருபு இல்லை. அதனால்தான் பேசும்போது பணிவாகத் தெரிகிற ஆள் எழுதும்போது விறைப்பாகத் தெரிகிறார்.

அடுத்தது ‘எடுத்துக்கொள்கிறேன்’. ஆண்டுக்கு 12 நாள் தற்செயல் விடுப்பு அவளுக்கு உண்டு என்பது விதி. ஆனாலும் அதை ஒருவர் அனுமதிக்க வேண்டும். ‘கொள்’ என்ற துணைவினை செயலின் பயனைச் செய்பவர் பக்கம் இழுக்கும். ஆகவே ‘எடுத்துக்கொள்கிறேன்’ என்றால் முடிவு ஏற்கெனவே எடுத்தாயிற்று என்று ஆகிவிடும். வேடிக்கை என்னவென்றால், இதே ‘கொள்’ இன்னோர் இடத்தில் பணிவாகிவிடுகிறது. ‘விடுப்புக் கேட்கிறேன்’ என்பதில் கடன் கொடுத்தவர் குரல் இருக்கிறது; ‘கேட்டுக்கொள்கிறேன்’ என்றால் அந்த அழுத்தம் தணிகிறது. தெரிவிக்கிறேன், தெரிவித்துக்கொள்கிறேன் என்ற இரண்டுக்கும் இதே வித்தியாசம்தான். எடுப்பதில் ‘கொள்’ சேர்ந்தால் உரிமை, கேட்பதில் சேர்ந்தால் பணிவு.

அந்தச் செய்தியில் மிகவும் உறுத்தியிருக்கக்கூடியது கடைசி வினை. இளையவர்கள் பலர் ஒரு ஏணி போட்டுவைத்திருக்கிறார்கள்: அனுப்பு என்றால் உரிமை, அனுப்புங்கள் என்றால் மரியாதை, அனுப்பவும் என்றால் அதைவிட மரியாதை. கடைசிப் படி தவறு. ‘செருப்பை வெளியே விடவும்’, ‘வரிசையில் வரவும்’ என்ற பலகைகளை நினைத்துப் பாருங்கள். ‘வும்’ யாரையும் முகம் பார்த்துப் பேசுவதில்லை. சுற்றறிக்கையில் தலைமையாசிரியர் ஆசிரியர்களுக்கு எழுதும் வினை அது: மதிப்பெண் பட்டியலை வெள்ளிக்குள் ஒப்படைக்கவும். அவருடைய வினையையே இவள் அவருக்குத் திருப்பி அனுப்பிவிட்டாள். ‘அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்’ என்றால் பிழையில்லை. ஏவலே தேவைப்படாதபடி ஏற்பாட்டை முடித்துவிட்டு எழுதினால் இன்னும் நல்லது.

இருவரும் உட்கார்ந்து, அடுத்த முறைக்கென்று அதைத் திருத்தினோம்.

“வணக்கம் சார். அம்மாவுக்கு மாலையிலிருந்து காய்ச்சல் அதிகமாக இருக்கிறது. காலையில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டியிருப்பதால் நாளை பள்ளிக்கு வர இயலவில்லை. ஒருநாள் தற்செயல் விடுப்பு அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ஏழாம் வகுப்பைக் கணக்கு டீச்சர் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.”

காரணம் முன்னால் வந்து, வராத செய்தி பின்னால் போயிருக்கிறது. ‘தாங்கள்’ வேண்டாமா என்று கேட்டாள். போட்டால் கடைசிவரை தங்கள், தங்களிடம் என்றே போக வேண்டும். பாதியில் ‘உங்கள்’ எட்டிப் பார்த்தால் இரவல் சட்டை போலத் தெரியும். முன்னிலைப் பெயரே வராமல் எழுத முடிகிறபோது அந்தத் தொல்லை எதற்கு? (ஒருவரைப் பன்மையில் சொல்லும் உயர்வுப் பேச்சு அன்றே இருந்திருக்கிறது. அது வழக்கில் வந்தது, இலக்கண நெறி அல்ல என்று தொல்காப்பியம் ஒதுக்கிவைத்தது. வழக்குதான் ஜெயித்தது.) ‘தாழ்மையுடன்’, ‘அளித்தருளுமாறு’ எல்லாம் அனுப்புநர், பெறுநர் போட்ட தாளுக்குப் பொருந்தலாம். ராத்திரி ஒன்பது மணிக்குக் கைபேசியில் வந்தால் கிண்டல் மாதிரி இருக்கும்.

பாடம் கொஞ்சம் அதிகமாகவே பிடித்துவிட்டது போல. அடுத்த மாதம் அவளுடைய பெரியப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். அதே நாளில் இவளுக்குத் தேர்வறைப் பணி. “மணிவிழாவிற்கு வர இயலவில்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். மன்னிக்கவும்” என்று அனுப்பியிருக்கிறாள். பெரியப்பா அவளுக்குப் பதில் போடவில்லை. அவள் அப்பாவைக் கூப்பிட்டு, “உன் பொண்ணு எனக்கு ஆபீஸ் லெட்டர் போட்டிருக்காடா” என்றாராம்.

தலைமையாசிரியரிடம் மரியாதையாக இருந்த அதே ‘இயலவில்லை’ இங்கே அவளைத் தள்ளி நிறுத்திவிட்டது. சொந்தத்தில் பெரியவருக்கு எழுதும்போது மரியாதை உறவுமுறையைச் சொல்லிக் கூப்பிடுவதிலும் ‘ங்க’விலும் இருக்கிறது. எழுத்துத் தமிழுக்கு மாறினாலே அந்நியம் வந்துவிடும். ‘மன்னிக்கவும்’ பேருந்தில் காலை மிதித்தவரிடம் சொல்வது, பெரியப்பாவிடம் ‘மன்னிச்சிடுங்க’தான். அவளுக்கு ‘வர முடியாமப் போச்சு’ என்று எழுதிக் காட்டினேன். அந்தப் ‘போச்சு’ பழியை நேரத்தின் மேல் போட்டுவிடும். வருத்தமும் அதிலேயே இருக்கும்.

“பெரியப்பா, அன்னைக்குப் பாத்து எக்ஸாம் டியூட்டி போட்டுட்டாங்க. எவ்வளவோ கேட்டுப் பாத்தும் வர முடியாமப் போச்சு. மன்னிச்சிடுங்க. ஞாயித்துக்கிழமை வந்து உங்ககிட்டயும் பெரியம்மாகிட்டயும் ஆசீர்வாதம் வாங்கிக்கிறேன்.”

‘வாங்கிக்கிறேன்’ என்பதிலும் அதே ‘கொள்’தான் இருக்கிறது என்று அவளாகவே கண்டுபிடித்தாள். ஆசீர்வாதத்தை உரிமையோடு எடுத்துக்கொண்டால் பெரியப்பா எதற்குக் கோபப்படப்போகிறார்?

பத்து நிமிஷத்தில் பதில் வந்தது: “வாம்மா. மத்தியானச் சாப்பாடு இங்கதான்.”