சுவீடன் பாஸ்புக்கில் ஒரு காற்புள்ளி

என் அக்கா மகன் மூன்று ஆண்டுகள் சுவீடனில் வேலை பார்த்துவிட்டு 2024 ஏப்ரலில் கோவைக்குத் திரும்பினான். அங்கிருந்த வங்கிக் கணக்கை மூடவில்லை. மறு ஆண்டு வருமான வரிப் படிவம் நிரப்பும்போது, வெளிநாட்டுச் சொத்துகளுக்கான Schedule FA பகுதியில் அந்தக் கணக்கையும் காட்ட வேண்டியிருந்தது. அது கேட்பது முக்கியமாக மூன்று தொகைகள்: ஆண்டில் கணக்கில் இருந்த அதிகபட்ச இருப்பு, ஆண்டு முடிவில் இருப்பு, கிடைத்த வட்டி. இங்கே ஆண்டு என்பது நம் ஏப்ரல்–மார்ச் அல்ல, ஜனவரி முதல் டிசம்பர் வரை.

அவன் கொண்டுவந்த ஸ்டேட்மெண்டில் 2024-க்கு உரிய கடைசி வரிகள் இவை:

```
Bokföringsdag  Text         Belopp      Saldo
2024-12-31     Prel. skatt    -126,00    61 518,75
2024-12-31     Ränta           420,00    61 644,75
2024-04-03     Överföring  -51 205,75    61 224,75
2024-03-25     Lön          34 850,00   112 430,50
```

முதலில் தேதி. சுவீடனில் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதுவார்கள். 2024-04-03 என்றால் ஏப்ரல் 3. ஆண்டை நான்கு இலக்கத்தில் அச்சிட்டால் குழப்பமில்லை. ஆனால் கார்டு தேய்த்த வரிகளில் கடையின் பெயருக்குப் பக்கத்தில் 24-03-12 என்று சுருக்கமாக வருவதுண்டு. நம் கண் அதை 2012 மார்ச் 24 என்று படித்துவிடும். உண்மையில் அது 2024 மார்ச் 12. எல்லாத் தேதிகளும் ஒரே 24-இல் தொடங்கினால், அது நாளல்ல, ஆண்டு என்று புரிந்துகொள்ளலாம்.

அடுத்தது காற்புள்ளி. பிசகு நேர்ந்தது இங்கேதான். சுவீடனில் ஆயிரத்தைப் பிரிப்பது இடைவெளி, பைசாவைப் பிரிப்பது காற்புள்ளி. 112 430,50 என்பது நம் கணக்கில் 1,12,430.50 குரோனா. கடைசி இரண்டு இலக்கம் அவர்களுடைய பைசாவான ஓரே. ஓரே நாணயங்கள் 2010-லேயே புழக்கத்தை விட்டுப் போனாலும் கணக்கில் இன்னும் ஓரே உண்டு. நம் பழக்கத்தில் காற்புள்ளி என்றால் வெறும் பிரிப்பு. எனவே பையன் இடைவெளியையும் காற்புள்ளியையும் எடுத்துவிட்டுத் தட்டினான். ஒரு லட்சத்துச் சொச்சம் ஒரு கோடியே பன்னிரண்டு லட்சமாகிவிட்டது. சரியாக நூறு மடங்கு.

அப்படியே எக்செல்லில் ஒட்டினாலும் சிக்கல்தான். இந்திய அமைப்பில் உள்ள எக்செல் அதை எண்ணாக ஏற்காமல் எழுத்தாக வைத்துக்கொள்ளும். தொகை கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டி நின்றால் அதுதான் நடந்திருக்கிறது. கூட்டல் போட்டால் அதைக் கணக்கில் எடுக்காது. தொகை D2-இல் இருந்தால் இப்படி மாற்றலாம்:

```
=NUMBERVALUE(SUBSTITUTE(D2,CHAR(160),""),",",".")
```

மாற்றியபின் ஒரு சோதனை போட வேண்டும். Belopp என்பது தொகை, Saldo என்பது இருப்பு. முந்தைய இருப்போடு இந்த வரியின் தொகையைச் சேர்த்தால் இந்த வரியின் இருப்பு வர வேண்டும். 112430.50-இல் 51205.75 போனால் 61224.75, சரியாக இருக்கிறது. ஆனால் இந்தப் பட்டியலில் புதியது மேலே, பழையது கீழே. எனவே கீழிருந்து மேலாகக் கூட்ட வேண்டும். ஆண்டு முடிவு இருப்பும் மேல் வரியில்தான் இருக்கிறது.

சில ஸ்டேட்மெண்டுகளில் Valutadag என்று இன்னொரு தேதி இருக்கும். பெயரைப் பார்த்து அந்நியச் செலாவணி என்று நினைக்க வேண்டாம். எந்த நாளிலிருந்து வட்டி கணக்காகிறதோ அந்த நாள் அது. Bokföringsdag என்பது வங்கி வரவு வைத்த, பற்று எழுதிய நாள். டிசம்பர் 30-இல் கார்டு தேய்த்தால் வங்கி ஜனவரி 2-இல் எழுதக்கூடும். டிசம்பர் 31 இருப்பைச் சொல்ல வங்கி எழுதிய நாளையே எடுத்துக்கொள்ள வேண்டும். இணையப் பக்கத்தில் தெரியும் Disponibelt belopp என்ற தொகையை எடுக்கக் கூடாது. அது செலவழிக்கக் கையில் உள்ள தொகை. கடன் வரம்பு இருந்தால் அதுவும் அதில் சேர்ந்திருக்கும்.

வட்டியில் இன்னொரு வழுக்கல். Ränta என்றால் வட்டி, 420 குரோனா. அதற்கு மேல் வரியில் உள்ள Prel. skatt, வங்கி பிடித்த முன்வரி. சுவீடனில் வசிப்பவரின் வட்டியில் 30 சதவீதம் பிடிப்பார்கள். பையன் ஊர் மாறியதை வங்கிக்குச் சொல்லவில்லை, அதனால் 126 போனது. கைக்கு வந்தது 294-தான் என்று அதை எழுதினால் தவறு. படிவம் கேட்பது பிடித்தத்துக்கு முந்தைய மொத்த வட்டி.

கடைசியில், ஸ்டேட்மெண்டில் kr என்று மட்டும் இருந்தால் கணக்கின் நாணயக் குறியீட்டைத் தேடிப் பாருங்கள். நார்வே, டென்மார்க் நாணயங்களையும் kr என்றே சுருக்குவார்கள்; சுவீடனுடையது SEK. ரூபாயாக மாற்ற ஸ்டேட் வங்கியின் டி.டி. வாங்கும் விலையை எடுக்க வேண்டும். அதிகபட்ச இருப்புக்கு அது இருந்த நாளின் விலை, ஆண்டு முடிவு இருப்புக்கு டிசம்பர் 31-இன் விலை. அக்கா மகன் தாளில் எழுதிவைத்தது இவ்வளவே: மார்ச் 25-இல் 1,12,430.50, டிசம்பர் 31-இல் 61,518.75, வட்டி 420.