நனைத்துப் பார்த்து எழுதிய விளம்பரம்

காங்கேயம் பக்கம் வீட்டிலேயே தேங்காய் எண்ணெய் சோப்பு செய்து விற்கும் ஒரு அக்கா, அட்டைப்பெட்டியில் அச்சிட வைத்திருந்த வாசகத்தைக் காட்டினார். "தூய்மையான, இயற்கையான, உயர்தரமான சோப்பு. சருமத்துக்கு மென்மையானது." சோப்பை எடுத்துவிட்டு ஷாம்பு என்று போட்டாலும் இந்த வாசகம் அப்படியே பொருந்தும். வாங்குகிறவருக்கு இதிலிருந்து என்ன தெரியும்?

"ஒரு கட்டியை நனைச்சுப் பார்த்துட்டு எழுதலாங்க்கா" என்றேன். குழாயடிக்குப் போனோம். போர் தண்ணீர், வாயில் வைத்தால் உப்புக் கரிக்கும். அதிலும் நாலு தேய்ப்பிலேயே பெரிய பெரிய குமிழிகளாக நுரை பொங்கியது. தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். அதிலிருந்து உண்டாகும் சோப்பு தண்ணீரில் சுலபமாகக் கரையும். கடல் தண்ணீரில் குளிக்க வேண்டியிருந்த கப்பல்காரர்களுக்கும் இந்த எண்ணெயில்தான் சோப்பு செய்தார்கள்.

"தேங்கா வாசம் வரும்னு எழுதினா நல்லா விக்குமுங்க" என்றார். கட்டியை மூக்கருகே வைத்துப் பார்த்தோம். துவைத்துக் காயப்போட்ட பருத்தித் துணியின் மணம்தான் லேசாக வந்தது. காஸ்டிக் சோடாவோடு கலந்து சோப்பாக மாறும்போது எண்ணெயின் மணம் பெரும்பாலும் போய்விடுகிறது. இல்லாத மணத்தை எழுதினால் வாங்கியவர் முதல் குளியலிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

'மென்மை' என்ற சொல்தான் எனக்கு அதிகம் உறுத்தியது. வெறும் தேங்காய் எண்ணெய் சோப்பு தோலின் எண்ணெய்ப் பசையை அதிகமாகவே எடுத்துவிடும். குளித்தபின் முகம் இழுக்கும். ஒரு கிலோ எண்ணெய் முழுவதும் சோப்பாக மாற சுமார் 183 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். அக்கா 146 கிராம்தான் போடுகிறார். ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய் எண்ணெயாகவே கட்டிக்குள் தங்கிவிடுகிறது. கை கழுவித் துடைத்தபின் விரல்களை உரசினால் அது தெரிகிறது. எழுத வேண்டியது அதைத்தான்.

கடைசியில் இப்படி எழுதினோம்:

"தேங்காய் எண்ணெய் சோப்பு. வெள்ளைக் கட்டி, தரையில் தட்டினால் டக்கென்று சத்தம் வரும் அளவுக்குக் கெட்டி. உப்புத் தண்ணீரிலும் நாலு தேய்ப்பில் பெரிய குமிழிகளாக நுரைக்கும். வாசனை எதுவும் சேர்க்கவில்லை. தேங்காய் மணமும் இருக்காது. கழுவியபின் தோல் இழுக்காது, விரலில் எண்ணெய் தொட்டதுபோல் லேசான வழவழப்பு நிற்கும். ஆறு வாரம் காற்றாட வைத்தது. தண்ணீர் தேங்கும் டப்பாவில் வைத்தால் கொழகொழவென்று கரைந்துவிடும்."

கடைசி வரியை எடுத்துவிடலாமா என்று தயங்கினார். வேண்டாம் என்றேன். ஓட்டையுள்ள டப்பாவில் வைக்கத் தெரிந்தவருக்குத்தான் கட்டி நாள்பட வரும். சோப்பு செய்து விற்பவர்கள், பேனாவை எடுக்கும் முன் உங்கள் கட்டி ஒன்றை வீட்டுக் குழாயடியில் நனைத்துப் பாருங்கள்.