ஆயிரம் டாலருக்கு இன்வாய்ஸ் போட்டால் கைக்கு எவ்வளவு வரும்?

கோவையில் வீட்டிலிருந்தபடி மென்பொருள் எழுதித் தரும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வாடிக்கையாளர் அமெரிக்காவில் ஒரு சிறு நிறுவனம். பேசிய கூலி 1,000 டாலர். டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 85,000 ரூபாய் வரவேண்டும். வங்கிக் கணக்கில் விழுவதோ 81,683. வாடிக்கையாளர் 1,000 டாலரை முழுசாக அனுப்பியதற்கு ரசீது காட்டுகிறார். அவர் சொல்வதும் உண்மைதான். இடையில் 3,317 ரூபாய் எங்கே போனது?

அந்தப் பணம் ஒரே இடத்தில் போவதில்லை. அமெரிக்காவிலுள்ள சின்ன வங்கிக்கும் நம் ஊர் வங்கிக்கும் நேரடித் தொடர்பு இருப்பது அபூர்வம். நடுவில் ஒன்றோ இரண்டோ பெரிய வங்கிகள் பணத்தைக் கைமாற்றிவிடும். அந்த வழியில் ஒரு வங்கி 20 டாலர் பிடித்துக்கொண்டால் 980 டாலர்தான் இங்கே வந்து சேரும். அதிலேயே 1,700 ரூபாய் போய்விட்டது. அடுத்து, நம் வங்கி அந்த டாலரை 85 ரூபாய்க்கு வாங்காது, 83.50 என்று ஒரு விலை வைக்கும். 980 டாலருக்கு இந்த ஒன்றரை ரூபாய் வித்தியாசம் 1,470 ரூபாய். மிச்சமுள்ள 147 ரூபாய், நாணயம் மாற்றியதற்கான ஜிஎஸ்டி. ஒரு லட்சம் ரூபாய் வரையிலான தொகைக்கு, மாற்றிய தொகையில் ஒரு சதவீதத்தைச் சேவையின் மதிப்பாக எடுத்துக்கொண்டு, அதன்மேல் 18 சதவீதம் போடுவார்கள்.

இந்த மூன்றில் பெரியவை இரண்டு. முதலாவதை வாடிக்கையாளரிடம் பேசிச் சரிசெய்யலாம். இரண்டாவதை அவரால் ஒன்றும் செய்ய முடியாது. அதற்கு வழியை மாற்றவேண்டியவர் நாம்தான். இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாமல் "முழுத்தொகையும் வரவேண்டும்" என்று மட்டும் எழுதினால், அவருக்கு என்ன செய்வதென்றே தெரியாது.

வழியில் பிடிக்கும் கட்டணத்தை யார் ஏற்பது என்பதற்கு வங்கிப் படிவத்தில் மூன்றெழுத்துக் குறி ஒன்று உண்டு. OUR என்றால் எல்லாக் கட்டணமும் அனுப்புபவருடையது. BEN என்றால் எல்லாம் பெறுபவருடையது. SHA என்றால் அனுப்புபவர் தன் வங்கிக்கு மட்டும் கொடுப்பார், அதற்குப் பிறகு வருவதெல்லாம் நம் தலையில். எதுவும் சொல்லாவிட்டால் பெரும்பாலும் SHA என்றுதான் போகும். OUR என்று போட்டு 1,000 டாலரும் வந்திருந்தால், மேலே சொன்ன அதே விலையில் 83,350 ரூபாய் கிடைத்திருக்கும். ஆனால் எல்லா வங்கிகளின் இணையப் பக்கத்திலும் இதைத் தேர்ந்தெடுக்க இடம் இருக்காது. தேர்ந்தெடுத்தும் நடுவிலுள்ள வங்கி பிடித்துவிடுவதும் உண்டு. சந்தேகம் வந்தால் வாடிக்கையாளரிடம் ஸ்விஃப்ட் நகலைக் கேளுங்கள். அதில் 71A என்ற இடத்தில் OUR, SHA, BEN எது என்றிருக்கும். 33B என்ற இடத்தில் அனுப்பச் சொன்ன தொகை இருக்கும். அதை உங்கள் வங்கிக்கு வந்த தொகையோடு ஒப்பிட்டால் வழியில் எவ்வளவு குறைந்தது என்பது தெரிந்துவிடும். புதிய வடிவச் செய்திகளில் இந்த எண்கள் இல்லாவிட்டாலும் அதே விவரங்கள் இருக்கும்.

எளிதாக இருக்கிறதே என்று பலர் பேபாலுக்குப் போகிறார்கள். அங்கே வெளிநாட்டிலிருந்து வரும் வணிகப் பணத்துக்கு 4.4 சதவீதமும், டாலரானால் 30 சென்ட்டும் கட்டணம். 1,000 டாலரில் மிஞ்சுவது 955.70. அதை ரூபாயாக்கும்போது சந்தை விலையிலிருந்து இன்னும் 4 சதவீதம் குறைத்தால் கைக்கு வருவது ஏறக்குறைய 77,985 ரூபாய். 7,000 ரூபாய்க்கு மேல் இழப்பு. 50 டாலர், 100 டாலர் போன்ற சிறு வேலைகளுக்கு இது பரவாயில்லை, ஏனென்றால் வங்கி வழியில் பிடிக்கும் 20 டாலர் அங்கே அதைவிடக் கனக்கும். 1,000 டாலர் வேலைக்கு இது சரியான வழி அல்ல என்பதே என் கருத்து.

வைஸ், பேயோனீர் போன்ற சேவைகள் வேறு வகை. வைஸில் சந்தையின் நடுவிலையிலேயே மாற்றி, கட்டணத்தைத் தனியாக முன்கூட்டியே காட்டுவார்கள். பேயோனீர் போன்றவை நம் பெயரில் அமெரிக்க வங்கி எண் ஒன்றைத் தரும். வாடிக்கையாளர் உள்ளூரில் அனுப்புவதுபோல் அனுப்பலாம், நடு வங்கிக்கு வேலையில்லை. எதுவானாலும் கட்டணப் பட்டியலோடு நிற்காமல், "1,000 டாலர் அனுப்பினால் எத்தனை ரூபாய் வரும்" என்ற ஒரே கேள்வியை வைத்து ஒப்பிடுங்கள். 'கட்டணமே இல்லை' என்று சொல்லும் இடத்தில் மாற்று விலைக்குள் அது ஒளிந்திருக்கும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. வெளிநாட்டு நாணயத்தில் அனுப்பினால் கட்டணம் இல்லை என்று சில அமெரிக்க வங்கிகள் சலுகை காட்டும். வாடிக்கையாளர் நல்லெண்ணத்தோடு ரூபாயாகவே அனுப்பிவிடுவார். மாற்று விலையை அவர் வங்கியே வைத்துக்கொள்ளும். நமக்குப் பேரம் பேச இடமே இராது. ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: சேவை ஏற்றுமதிக்கான சலுகை பெற, பணம் மாற்றத்தக்க அந்நியச் செலாவணியாக வந்திருக்க வேண்டும். ரூபாய்க்கு ரிசர்வ் வங்கி அனுமதித்த இடங்களில் மட்டுமே விலக்கு.

ஆக, வேலை தொடங்கும் முன் வாடிக்கையாளருக்கு அனுப்பும் குறிப்பில் இவ்வளவு இருந்தால் போதும்:

"இன்வாய்ஸ் 1,000 அமெரிக்க டாலருக்கு. பணத்தை டாலராகவே அனுப்புங்கள், ரூபாயாக மாற்றவேண்டாம். வங்கி வழி அனுப்புவதானால் கட்டணக் குறி OUR என்று போடுங்கள். அந்த வசதி இல்லையென்றால் நான் தரும் அமெரிக்கக் கணக்கு எண்ணுக்கு அனுப்புங்கள். டாலரை ரூபாயாக்கும் செலவு என்னுடையது. வழியில் பிடித்தம் ஆனால் அந்தத் தொகை அடுத்த இன்வாய்ஸில் சேரும். இன்வாய்ஸ் தேதியிலிருந்து 15 நாளுக்குள் பணம் என் கணக்கில் வந்து சேர வேண்டும். அனுப்பும்போது இன்வாய்ஸ் எண்ணையும் 'மென்பொருள் சேவை' என்பதையும் குறிப்பிடுங்கள்."

மாற்றும் செலவை நாமே ஏற்பதாகச் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நாம் எந்த வங்கியில் கணக்கு வைத்திருக்கிறோம் என்பது அவர் பொறுப்பல்ல. அதை ஒப்புக்கொள்ளும்போது வழிக்கட்டணத்தை அவர் ஏற்கவேண்டும் என்ற கோரிக்கைக்கும் மதிப்பு கூடுகிறது.

'வந்து சேர வேண்டும்' என்ற சொற்களை விட்டுவிடாதீர்கள். 'நெட் 30' என்று மட்டும் போட்டால், இன்வாய்ஸ் கிடைத்த நாளிலிருந்து எண்ணி, முப்பதாம் நாள் மாலை பணத்தை அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அது வெள்ளிக்கிழமையாகிவிட்டால் அடுத்த வாரம்தான் கணக்கில் விழும். தாமதக் கட்டணமும் அப்படித்தான், வேலைக்கு முன் எழுதி ஒப்புக்கொண்டிருந்தால்தான் பிறகு கேட்க முடியும்.

குறிப்பின் கடைசி வரி சின்னதாகத் தெரியும். ஆனால் வெளிநாட்டுப் பணம் எதற்காக வந்தது என்று நம் வங்கி ஒரு பர்ப்பஸ் கோடு போடும். மென்பொருள் ஆலோசனைக்கு அது P0802. விவரம் இல்லாமல் வரும் பணத்துக்கு, குடும்பச் செலவுக்கு உறவினர் அனுப்பியதைக் குறிக்கும் P1301 விழுந்துவிட்டால், அது தொழில் வருமானம் என்று ஆவணத்தில் நிரூபிப்பது பெரும்பாடு. ஒவ்வொரு முறை பணம் வந்ததும் வங்கியிடம் ஃபிரா என்ற வரவுச் சான்றைக் கேட்டு வாங்கி, அதிலுள்ள கோடு சரியா என்று பார்த்து, அந்தந்த இன்வாய்ஸோடு சேர்த்து வையுங்கள்.