படிக்கும்போதே வளரும் கடன்

அமெரிக்காவுக்கு முதுகலை படிக்கப் போகும் மாணவருக்கு அந்த நாட்டில் கடன் வரலாறு என்று எதுவும் இருக்காது. இங்கே வைத்திருக்கும் சிபில் மதிப்பெண்ணை அங்குள்ள வங்கிகள் பொதுவாகப் பார்ப்பதில்லை. குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ள ஒருவர் உடன் கையெழுத்துப் போட வேண்டும் என்றே பெரும்பாலும் கேட்பார்கள். அப்படி ஆள் இல்லாதவர்களுக்கு, வருங்காலச் சம்பளத்தை நம்பி டாலரில் கடன் தரும் நிறுவனங்கள் சில உண்டு. ஆனால் வட்டி பெரும்பாலும் கூடுதல்.

அதனால்தான் பலர் நம்மூர் வங்கிக்கே வருகிறார்கள். இங்கும் மாணவருக்கு வருமானம் கிடையாது. எனவே வங்கி அப்பாவின் சம்பளச் சீட்டையும் சிபிலையும், தொகை பெரிதானால் வீட்டுப் பத்திரத்தையும் கேட்கிறது. அப்பா இணைக் கடன்தாரர் ஆகிறார். தவணை தவறினால் இருவருடைய சிபிலும் அடிபடும்.

படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்ட வேண்டாம் என்பதுதான் வழக்கமான ஏற்பாடு. இந்த இடைவெளிதான் பல குடும்பங்களை ஏமாற்றிவிடுகிறது. தவணைதான் நிற்கிறது, வட்டி நிற்பதில்லை.

ஒரு கணக்கைப் பார்ப்போம். இரண்டாண்டுப் படிப்புக்கு முப்பது லட்சம் கடன், வட்டி 10 சதவீதம். முதலாண்டுத் தொடக்கத்தில் 15 லட்சம், இரண்டாமாண்டுத் தொடக்கத்தில் 15 லட்சம் என்று வங்கி கொடுக்கிறது. முதல் பாதிக்கு மூன்றாண்டு வட்டி, அடுத்த பாதிக்கு இரண்டாண்டு வட்டி. தனிவட்டியாகவே போட்டாலும் ஏழரை லட்சம் சேர்ந்துவிடும். திருப்பிக் கட்டத் தொடங்கும் நாளில் கடன் 37.5 லட்சம். அதைப் பத்தாண்டில் அடைக்க மாதம் ஏறத்தாழ 49,500 ரூபாய்.

படிக்கும் காலத்திலேயே வட்டியை மட்டும் வீட்டில் கட்டிவந்தால், அதாவது முதலாண்டில் மாதம் 12,500, பிறகு 25,000, தவணை 39,600 அளவில் நின்றுவிடும். முன்னால் கட்டிய ஏழரை லட்சத்துக்குப் பின்னால் ஏறத்தாழ 12 லட்சம் மிச்சம். முழு வட்டியும் முடியாத வீட்டில் பாதியாவது கட்டுவது நல்லது.

தவணை தொடங்கும் தேதி ஒப்பந்தத்தில் எழுதப்பட்டுவிடுகிறது. வேலை அப்படி வருவதில்லை. படித்தபின் ஓராண்டு வேலை பார்க்க அனுமதி உண்டு, அறிவியல், பொறியியல் துறையினருக்கு மேலும் இரண்டாண்டு நீட்டிப்பு கிடைக்கலாம். ஆனால் அந்த முதல் ஓராண்டில் வேலையில்லாமல் இருக்கக்கூடியது மொத்தம் 90 நாள்தான். அதைத் தாண்டினால் ஊர் திரும்ப வேண்டி வரலாம். அப்போது அதே 49,500 ரூபாய் நம்மூர்ச் சம்பளத்திலிருந்து போக வேண்டும்.

கையெழுத்துப் போடும் முன் வங்கி மேலாளரிடம் இரண்டைக் கேளுங்கள்: சலுகைக் காலத்தில் தனிவட்டியா, கூட்டுவட்டியா? தவணை தொடங்கும் நாளில் மொத்தக் கடன் எவ்வளவு? அந்தத் தொகைக்கான தவணையை இந்தியச் சம்பளத்தில் கட்ட முடியுமா என்று பார்த்துவிட்டுக் கடன் தொகையை முடிவு செய்யுங்கள்.