மொட்டை போட்டால் வண்டி ஓட்ட முடியாதா?

2021 பிப்ரவரியில் ஒரு மாலை. ஹைதராபாதில் 23 வயது ஊபர் டிரைவர் ஒருவர் டியூட்டிக்குக் கிளம்புகிறார். வழக்கம்போல ஆப் செல்ஃபி கேட்கிறது, எடுக்கிறார். திறக்கவில்லை. மறுபடியும் எடுக்கிறார். அப்போதும் திறக்கவில்லை. சில முயற்சிகளுக்குப் பிறகு கணக்கு முடக்கப்பட்டதாகச் செய்தி வருகிறது. நடந்த மாற்றம் ஒன்றே ஒன்றுதான்: திருப்பதி போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

தலைமுடி கேட்ட சாமிக்கு அவரை அடையாளம் தெரிந்தது. ஆப்புக்குத் தெரியவில்லை.

பழைய கம்பெனி வாசலில் வாட்ச்மேன் ஒரே பார்வையில் முடித்த வேலையை ஆப் மூன்று கேள்விகளாகப் பிரிக்கிறது. இது எந்தக் கணக்கு என்பது முதல் கேள்வி. போன் எண்ணும் ஓடிபியும் அதற்குப் பதில் சொல்லிவிடும். போனைப் பிடித்திருப்பவர் அந்தக் கணக்குக்காரர்தானா என்பது இரண்டாவது. அதற்குத்தான் செல்ஃபி. இன்றைக்கு இந்த வண்டியை ஓட்ட அவருக்கு அனுமதி இருக்கிறதா என்பது மூன்றாவது. லைசென்ஸ், இன்சூரன்ஸ், பெர்மிட், எஃப்சி இவற்றின் காலாவதித் தேதிகளை வைத்து அது முடிவாகும்.

ஓடிபி மட்டும் போதாதா? போதாது. போனைக் கைமாற்றினால் ஓடிபியும் கூடவே போய்விடும். ஒருவர் பெயரில் கணக்கு, ஓட்டுவது வேறொருவர் என்று ஐடியை வாடகைக்கு விடும் பழக்கம் பல நாடுகளில் உண்டு. லண்டனில் நடந்தது இன்னும் மோசம். அங்கே ஆப்பில் இருந்த ஓர் ஓட்டையால், அனுமதி இல்லாதவர்கள் தங்கள் போட்டோவை வேறு டிரைவர்களின் கணக்கில் ஏற்ற முடிந்தது. அப்படிக் குறைந்தது 14,000 சவாரிகள் நடந்திருப்பதாகச் சொல்லி, 2019 நவம்பரில் அந்நகரப் போக்குவரத்து ஆணையம் ஊபரின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. காரில் ஏறியவர்கள் திரையில் பார்த்த பெயர் ஒருவருடையது, ஓட்டியவர் வேறொருவர். ஆகவே முகம் பார்க்கும் வழக்கத்தைக் குறை சொல்ல முடியாது. எப்படிப் பார்க்கிறார்கள் என்பதில்தான் சிக்கல்.

ஆப் முகத்தை நாம் பார்ப்பதுபோலப் பார்ப்பதில்லை. செல்ஃபியை நீண்ட எண் வரிசையாக மாற்றி, ஏற்கெனவே சேமித்துள்ள போட்டோவின் எண் வரிசையோடு ஒப்பிடும். எவ்வளவு ஒத்துப்போகிறது என்று ஒரு மதிப்பெண் கிடைக்கும். நிறுவனம் வைத்த பாஸ் மார்க்கைத் தாண்டினால் கதவு திறக்கும். பாஸ் மார்க்கைக் குறைத்தால் அண்ணன் கணக்கில் தம்பி நுழைந்துவிடுவார். கூட்டினால் தாடி எடுத்தவர், மொட்டை போட்டவர், இருட்டில் படம் எடுத்தவர் எல்லாரும் வெளியே நிற்பார்கள். இரண்டு தவறுகளையும் ஒரே நேரத்தில் பூஜ்யமாக்கும் பாஸ் மார்க் கிடையாது.

வெளியே நிற்பவர் யார் என்பதிலும் ஓரவஞ்சனை இருக்கிறது. 2018இல் ஜாய் புவலம்வினியும் டிம்னிட் கெப்ருவும் முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மென்பொருள்களைச் சோதித்தார்கள். வெள்ளைத் தோல் ஆண்களிடம் அவை அநேகமாகத் தவறவே இல்லை. கறுத்த தோல் பெண்களிடம் மைக்ரோசாஃப்ட் மென்பொருளே ஐந்தில் ஒரு முறை தவறியது. ஆளைச் சரிபார்ப்பது வேறு வேலை என்றாலும், ஊபர் அதற்குப் பயன்படுத்தியதும் மைக்ரோசாஃப்டின் முக மென்பொருளைத்தான். பிரிட்டனில் ஊபர் ஈட்ஸுக்கு உணவு கொண்டுபோன கறுப்பினத்தவர் ஒருவர், முகம் பொருந்தவில்லை என்று 2021இல் நீக்கப்பட்டார். அந்நாட்டுச் சமத்துவ ஆணையமும் தொழிற்சங்கமும் துணை நிற்க வழக்குத் தொடர்ந்த அவருக்கு, 2024 மார்ச்சில் சமரசமாகப் பணம் கிடைத்தது. இடையில் மூன்று ஆண்டுகள் போய்விட்டன.

இந்தியாவில் எம்ஐடி டெக்னாலஜி ரிவ்யூ 150 ஊபர் டிரைவர்களை விசாரித்தபோது, செல்ஃபி பிரச்சினையால் கணக்கு தற்காலிகமாகவோ நிரந்தரமாகவோ பூட்டப்பட்டவர்கள் ஏறக்குறையப் பாதிப்பேர் இருந்தார்கள். தினசரி வருமானக்காரருக்கு ஒரு நாள் பூட்டு என்பது ஒரு நாள் சம்பளம். செல்ஃபி தோற்றால் ஒரு மனிதர் இரண்டு படங்களையும் பார்த்துச் சொல்லும்வரை பூட்டக் கூடாது என்று விதி வைப்பது ஒன்றும் பெரிய காரியமில்லை.

டிரைவர்கள் செய்துகொள்ளக்கூடியதும் கொஞ்சம் உண்டு. ஆன்லைன் போக முடியாவிட்டால், தடுத்தது முகமா காகிதமா என்று முதலில் பாருங்கள். காகிதம் என்றால் ஆவணப் பக்கத்தில் எது காலாவதி என்று இருக்கும். புதிதாக ஏற்றினாலும் சரிபார்க்க நேரம் எடுக்கும் என்பதால் தேதி முடியும் முன்பே ஏற்றிவிடுவது நல்லது. முகம் என்றால் ஹெல்மெட்டையும் கூலிங் கிளாஸையும் கழற்றி, முன் கேமராவைத் துடைத்து, வெளிச்சம் முகத்தில் விழும்படி நின்று எடுங்கள். அப்போதும் தோற்றால் திரும்பத் திரும்ப முயலாமல், திரையில் வந்த செய்தியை நேரத்தோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து உதவிப் பிரிவுக்கு அனுப்புங்கள். மொட்டை போடப் போகிறவர்கள், முடிந்தால் முன்கூட்டியே அவர்களிடம் சொல்லி வையுங்கள்.